எந்தப் பெயரில் டேபிள்?

வாடிக்கையாளருடன் மதியச் சாப்பாட்டுச் சந்திப்பு முடிவானதும், அதற்கு முந்தைய நாள் இரண்டு பேரிடம் உறுதி செய்ய வேண்டும்: முதலில் உணவகத்திடம், பிறகு விருந்தினரிடம். இந்த வரிசை மாறக் கூடாது. விருந்தினருக்கு முதலில் செய்தி அனுப்பிவிட்டு உணவகத்தை அழைத்தால், டேபிள் 1 மணிக்கு இல்லை, 1.30-க்குத்தான் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்போது சொன்ன நேரத்தை மாற்றச் சொல்லி விருந்தினரையே மறுபடி தொந்தரவு செய்ய நேரும்.

உணவகத்திடம் பேசும்போது நாள், நேரம், எத்தனை பேர் என்பதைச் சரிபார்ப்பது எல்லோரும் செய்வதுதான். பலரும் கேட்க மறப்பது ஒன்று உண்டு: “புக்கிங் உங்கள் திரையில் எந்தப் பெயரில் இருக்கிறது?” தமிழ்ப் பெயர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுவே.

கிருஷ்ணனின் மகன் சுப்பிரமணியன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரெல்லாம் அவரை கே. சுப்பிரமணியன் என்றே அறியும். உணவகத்தின் இணையப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. தலைப்பெழுத்துக்கு அதில் இடமில்லை. இரண்டாவது கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினால், வரவேற்பு மேசையின் பட்டியலில் அது `Krishnan` என்ற பெயரில் போய் உட்காரக்கூடும். வாசலில் விருந்தினர் “சுப்பிரமணியன் பெயரில் டேபிள்” என்கிறார். ஊழியர் தேடுகிறார், கிடைக்கவில்லை. முதல் பெயரை வைத்துத் தேடினாலும் எழுத்துக்கூட்டல் குறுக்கே நிற்கும். `Subramanian`, `Subramaniam`, `Subramanyan` ஆகிய மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. இதையே அலுவலக உதவியாளர் தன் பெயரில் பதிவு செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பெயரை விருந்தினர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

அழைத்தவர் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டால் இதெல்லாம் வெளியே தெரியாது. போக்குவரத்தில் அவர் பத்து நிமிடம் தாமதித்து, விருந்தினர் முதலில் வந்துவிடும் நாளில்தான் வாசலில் நிற்கும் சங்கடம் வருகிறது. அதனால், திரையில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் கேட்டுக்கொண்டு, அதையே விருந்தினருக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவான செல்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. பெயர் குழம்பினாலும் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இடத்தைச் சொல்லும்போது உணவகத்தின் பெயரோடு நிறுத்தக் கூடாது. சென்னையில் ஒரே பெயரில் தி.நகரிலும் அண்ணா நகரிலும் கிளைகள் இருப்பது சாதாரணம். கிளை, மாடி, கார் எந்த வாசலில் நிற்கலாம் என்பது வரை சொல்லி, வரைபட இணைப்பையும் அனுப்ப வேண்டும். நேரத்தோடு கிழமையும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். “நாளை சந்திப்போம்” என்று இரவு பத்தரைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை விருந்தினர் மறுநாள் காலையில் படித்தால், அவருடைய நாளை வேறு நாளாகிவிடும். சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்கு நாட்காட்டி அழைப்பு அனுப்பினால், சென்னையின் 1 மணி அங்கே 3.30 என்று தெரியும். அவருக்கு “சென்னை நேரம்” என்று எழுதிவிட வேண்டும்.

எல்லாம் சேர்ந்த செய்தி இப்படி அமையும்:

“வணக்கம் சார். புதன்கிழமை 18-ஆம் தேதி மதியம் 1 மணிக்கு, நாம் பேசிய உணவகத்தின் நுங்கம்பாக்கம் கிளையில், முதல் மாடியில் நான்கு பேருக்கு டேபிள் சொல்லியிருக்கிறேன். புக்கிங் Krishnan என்ற பெயரில் இருக்கிறது. எண் 4417-இல் முடியும். நீங்கள் முதலில் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லி உட்காருங்கள். சாப்பாட்டில் எதையாவது தவிர்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள் சார்.”

கடைசி வரியை உபசாரம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. வழக்கமாக அசைவம் சாப்பிடுகிறவரும் புரட்டாசியிலோ அமாவாசையிலோ தொடாமல் இருக்கலாம். நேரத்துக்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30 வரை. அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடுவதாக இருந்தால், 1.30-க்குப் பிறகு வைக்கலாமா என்று சில விருந்தினர்கள் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவருக்கு 1 மணி ஒத்துவராது. 2 மணிக்கு மேல் வைப்பதே முறை.

நீல டிக் விழுந்தால் செய்தியைப் பார்த்துவிட்டார் என்றுதான் பொருள், வருகிறார் என்றல்ல. மாலைக்குள் பதில் இல்லையென்றால் ஒரு முறை அழைத்துப் பேச வேண்டும். டேபிளை எவ்வளவு நேரம் காலியாக வைத்திருப்பார்கள் என்பதையும் உணவகத்திடம் கேட்டிருக்க வேண்டும். பல இடங்களில் அது பதினைந்து நிமிடம்தான். ஆகவே தாமதமாகும் என்று தெரிந்ததும் முதலில் உணவகத்துக்குச் சொல்லி, “எங்கள் விருந்தினர் வந்தால் உட்கார வையுங்கள்” என்று அவருடைய பெயரையும் கொடுத்துவிட்டு, அடுத்து விருந்தினரை அழைக்க வேண்டும்.