இல்லாத முந்நூறு மூட்டை

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு கிளைகள் கொண்ட ஒரு மளிகைக் கடைக்கு ரிப்போர்ட் செய்து கொடுத்தேன். முதல் நாள் திரையைப் பார்த்த அண்ணாச்சி சிரித்துவிட்டார். "தம்பி, பொன்னி அரிசி முந்நூறு மூட்டைன்னு போட்டிருக்கு. ரெண்டு குடோனையும் சேர்த்தாலே நூத்தம்பதுக்கு மேல தாங்காதே. மிச்சத்தை உங்க வீட்டுல வச்சிருக்கீங்களா?"

கணினி கூட்டலில் தப்பு செய்யவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் இருப்பைச் சரியாகத்தான் கூட்டியிருந்தது. ஆனால் அது கூட்டக் கூடாத எண். எந்த எண்ணை எந்தத் திசையில் கூட்டலாம் என்பதை அட்டவணையை வடிவமைக்கும்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இந்த வகை அட்டவணைகளுக்கு ஃபேக்ட் டேபிள் என்று பெயர். நடந்ததை அளந்து எழுதும் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளை, எந்தப் பொருள், எந்த நாள் என்ற விவரங்கள் டைமென்ஷன் என்ற தனி அட்டவணைகளில் இருக்கும். ரால்ஃப் கிம்பால் என்ற அமெரிக்கர் 1996-இல் வெளியிட்ட 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' புத்தகம்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. அவர் சொல்லும் வரிசை நான்கு படிகள் கொண்டது. எந்த வேலையை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒரு வரி எதைக் குறிக்கிறது, அடுத்து டைமென்ஷன்கள் எவை, கடைசியாகத்தான் எந்த எண்களை வைப்பது. இரண்டாவது படிக்கு கிரெய்ன் என்று பெயர். தானிய மணி என்று பொருள். பலரும் தாவிக் குதித்து ஓடும் படியும் அதுதான்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். அரிசி ஐந்து கிலோ பாக்கெட் ஒன்று 340 ரூபாய். துவரம்பருப்பு கிலோ 160 வீதம் இரண்டு, 320 ரூபாய். குளியல் சோப்பு 35 வீதம் நான்கு, 140 ரூபாய். ஆக 800. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க 40 ரூபாய் சேர்த்து மொத்தம் 840.

இதை எப்படி எழுதுவது? ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று வைத்தால் இந்த பில் ஒரே வரியில் 840 என்று முடிந்துவிடும். சோப்பு எவ்வளவு விற்றது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பில்லில் உள்ள ஒவ்வொரு பொருள் வரிக்கும் ஒரு வரி என்று வைத்தால் மூன்று வரிகள் வரும். சோப்பு விற்பனையும் தெரியும், சோப்போடு வேறு என்ன வாங்கினார்கள் என்பதும் தெரியும். பொடி மணியைச் சேர்த்துப் பெரிய உருண்டை பிடிக்கலாம். பிடித்து வைத்த உருண்டையிலிருந்து மணியைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் கிடைக்கும் அளவில் மிகச் சிறிய மணியையே எடு என்பது கிம்பாலின் அறிவுரை. அட்டவணை பெரிதாகும் என்று அழுபவர்கள் உண்டு. பிற்பாடு கேள்வி வந்தபோது பதில் இல்லாமல் நின்றவர்கள் அழுவதில்லை, திரும்ப முதலிலிருந்து கட்டுகிறார்கள்.

இப்போது அந்த 40 ரூபாய். அது பில்லுக்கு உரியது, பொருளுக்கு உரியது அல்ல. மூன்று வரியிலும் 40 என்று எழுதினால் கூட்டும்போது 120 வரும். ஒரே பில்லில் 80 ரூபாய் காற்றிலிருந்து முளைத்துவிட்டது. சரி, முதல் வரியில் மட்டும் எழுதலாமே என்றால், மொத்தம் சரியாக வரும். ஆனால் பொருள்வாரியாகப் பார்க்கும்போது டெலிவரிக் காசு முழுவதும் அரிசியின் தலையில் விழும். சரியான வழிகள் இரண்டு. பில்லுக்கு ஒரு வரி என்ற கிரெய்னில் தனி அட்டவணை போட்டு அங்கே வைக்கலாம். இல்லையென்றால் விலைக்கேற்ப பங்கிடலாம்: அரிசிக்கு 17, பருப்புக்கு 16, சோப்புக்கு 7. கூட்டினால் 40. விலைப்படி பங்கிடுவதா எடைப்படி பங்கிடுவதா என்பதைக் கணினிக்காரர் முடிவு செய்யக் கூடாது. அது கடைக் கணக்குப்பிள்ளையின் வேலை. பைசா மிச்சம் விழுந்தால் கடைசி வரியில் போட்டு நேர் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சில ரூபாய்க்காக இரவு முழுக்க உட்கார நேரிடும்.

இப்படி எழுதிய தொகை நல்ல பிள்ளை. கிளைவாரியாக, பொருள்வாரியாக, நாள்வாரியாக, எந்தப் பக்கம் கூட்டினாலும் சரியாக வரும். அடிடிவ் என்பது இதைத்தான். சரிபார்ப்பதும் எளிது. அட்டவணையில் ஒரு நாளின் கூட்டலும் அன்றிரவு கல்லாவை மூடும்போது எழுதிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரட்டிப்பாக இருந்தால், யாரோ வேகத்துக்காக நாள் மொத்தத்தையும் அதே அட்டவணையில் ஒரு வரியாகச் செருகியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். ஒரு அட்டவணையில் இரண்டு கிரெய்ன் கூடாது.

அதே பில்லில் விலையைப் பாருங்கள். 340, 160, 35. கூட்டினால் 535. அதற்கு எந்த அர்த்தமும் இல்லை, வாடிக்கையாளர் கொடுத்தது 840. விலை, சதவீதம், விகிதம் இவையெல்லாம் நான்-அடிடிவ். எந்தப் பக்கமும் கூட்ட முடியாது. 535 உடனே பல்லிளித்துவிடும். சதவீதம்தான் ஆளைக் கவிழ்க்கும். முதல் கிளையில் விற்பனை 1,00,000 ரூபாய், லாபம் 10,000, அதாவது 10 சதவீதம். இரண்டாவதில் விற்பனை 20,000, லாபம் 5,000, அதாவது 25 சதவீதம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 17.5. பார்க்க நம்பும்படியாகத்தான் இருக்கிறது. உண்மையில் மொத்த லாபம் 15,000, மொத்த விற்பனை 1,20,000, ஆக 12.5 சதவீதம். அதனால் அட்டவணையில் சதவீதத்தை வைக்காமல் லாபத்தையும் விற்பனையையும் தொகையாகவே வைத்து, கடைசியில் வகுப்பார்கள்:

```
SELECT 100.0 * SUM(profit_amt) / SUM(sales_amt)
FROM sales_fact;
```

முதலில் கூட்டு, பிறகு வகு. வரிசை மாறினால் விடை மாறும்.

இனி அண்ணாச்சியின் அரிசிக்கு வருவோம். இருப்புக்கு அட்டவணை வேறு. கடை அடைக்கும்போது ஒரு கிளையில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்பது அதன் கிரெய்ன். விற்பனை அட்டவணையில் விற்றால்தான் வரி வரும். இங்கே ஒன்றும் அசையாவிட்டாலும் தினமும் வரி உண்டு, அன்றிரவு எடுத்த புகைப்படம் போல. முதல் கிளையில் மூன்று நாளும் 60, 50, 40 மூட்டை. இரண்டாம் கிளையில் 30, 30, 90. திங்கள் இரவு இரண்டு கிளையையும் சேர்த்தால் 90, செவ்வாய் 80, புதன் 130. கிளைகளுக்கு இடையே கூட்டுவது சரிதான், 90 மூட்டையும் அன்று உண்மையிலேயே குடோனில் இருந்தன. மூன்று நாளையும் கூட்டினால் 300. திங்களன்று எண்ணிய அதே மூட்டையைச் செவ்வாயும் எண்ணுகிறோம், புதனும் எண்ணுகிறோம். சில பக்கம் கூட்டலாம், காலத்தின் பக்கம் மட்டும் கூடாது என்ற இந்த இனத்துக்கு செமி-அடிடிவ் என்று பெயர். உங்கள் வங்கிக் கணக்கின் இருப்பும் இதே இனம். முப்பது நாள் இருப்பையும் கூட்டி யாரும் தன்னைப் பணக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இடையில் ஒன்று. அரிசி மூட்டையையும் சோப்புக் கட்டியையும் கூட்டுவதும் வீண். பொருள்களைத் தாண்டிக் கூட்ட வேண்டுமென்றால் இருப்பின் ரூபாய் மதிப்பையும் அதே வரியில் வைத்திருக்க வேண்டும்.

காலத்தின் பக்கம் கூட்ட முடியாது என்றால் என்னதான் செய்வது? கடைசி நாள் இருப்பை எடுக்கலாம், 130. அல்லது சராசரி பார்க்கலாம். அண்ணாச்சி சராசரிதான் கேட்டார். சிரிப்பு அடங்காத அவசரத்தில் நான் எழுதியது இது:

```
SELECT AVG(stock_qty)
FROM stock_fact WHERE item_key = 12;
```

50 என்று வந்தது. அவரும் தலையாட்டினார், நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். 300 தன்னைத் தானே காட்டிக்கொடுத்த பிழை, 50 அப்படி அல்ல. `AVG` வரிகளின் எண்ணிக்கையால் வகுக்கும். மூன்று நாள், இரண்டு கிளை, ஆக ஆறு வரிகள். 300 வகுத்தல் 6. கடையின் ஒரு நாள் சராசரி இருப்பு வேண்டுமென்றால் நாள்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்க வேண்டும்:

```
SELECT 1.0 * SUM(stock_qty) / COUNT(DISTINCT date_key)
FROM stock_fact WHERE item_key = 12;
```

சரியான விடை 100. நான் காட்டியது அதில் பாதி. கையிருப்பு குறைவு என்று நம்பி இரண்டு மாதம் கூடுதலாகக் கொள்முதல் செய்தார்கள், அடியில் கிடந்த மூட்டைகளில் வண்டு விழுந்தது.

இந்தத் திருத்தத்துக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. சரக்கு தீர்ந்துபோன நாளில் சில மென்பொருள்கள் வரியே எழுதாது. மூன்று நாள் இருப்பு 90, 0, 90 என்றால் சராசரி 60. அந்தப் பூஜ்ய வரி இல்லாவிட்டால் இரண்டு நாள்தான் எண்ணப்படும், சராசரி 90 என்று வரும். சரக்கே இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போன நாள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். பூஜ்யத்தையும் எழுத வேண்டும் என்பது அதனால்தான்.

என் 50 எப்படி அகப்பட்டது என்பதைச் சொல்லவில்லையே. அண்ணாச்சி மூன்றாவதாக ஒரு சின்னக் கிளை திறந்தார். அதை வைத்துக்கொண்டு பழைய எண்களோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கிளையில் தினம் 20 மூட்டை என்றால் மூன்று நாள் கூட்டல் 360, வரிகள் ஒன்பது, `AVG` தருவது 40. கடையில் அரிசி கூடியிருக்கிறது, சராசரி இருப்போ 50-இலிருந்து 40-க்கு இறங்குகிறது. அன்றும் அப்படித்தான் இறங்கியது. அண்ணாச்சி இந்த முறை சிரிக்கவில்லை. "கடை ஒண்ணு கூடுனா சரக்கு எப்படித் தம்பி குறையும்?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் அலுவலகத்தில் யாராவது சராசரி இருப்பு என்று ஓர் எண்ணைக் காட்டினால், எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள். வரிகளாலா, நாள்களாலா?