எந்தக் கண் குறி பார்க்கிறது?

மேல்விஷாரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். என்.சி.சி.யில் முதல் ஃபயரிங்; 25 மீட்டர் தூரம், பாயின்ட் 22 ரைபிள். "இரண்டு கண்ணையும் திறந்தபடி ஃபோர்சைட் முனையை டார்கெட் நடுவில் வைத்துத்தான் சுட்டேன். என் காகிதத்தில் ஓட்டையே விழவில்லை. இடப்பக்கம் படுத்திருந்த தோழியின் காகிதத்தில் இரண்டு ஓட்டை கூடுதலாக இருந்தது. பார்வை சரியாக இருக்கிறது என்கிறார் கண் டாக்டர்."

டாக்டர் சொன்னது சரி. பார்வைக் கூர்மை வேறு, எந்தக் கண்ணை மூளை நம்புகிறது என்பது வேறு. கண்ணாடி போட வேண்டிய கண்ணே ஆதிக்கக் கண்ணாக இருப்பதும் உண்டு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு வலக்கண்தான் ஆதிக்கக் கண். மற்றவர்களில் பலர் வலக்கையால் எழுதி, இடக்கண்ணால் குறி பார்ப்பவர்கள்.

உங்கள் ஆதிக்கக் கண் எது என்று அறிய, மொட்டை மாடியில் நின்று தூரத்து மினாராவின் உச்சியை நேருக்கு நேர் பாருங்கள். கைகளை நன்றாக நீட்டி, இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கட்டைவிரல்களுக்கு இடையே சின்னத் துவாரம் விடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, அந்தத் துவாரத்தில் உச்சி தெரிய வேண்டும். இப்போது இடக்கண்ணை மூடுங்கள். உச்சி அங்கேயே நின்றால் ஆதிக்கம் வலக்கண்ணுக்கு; மறைந்துவிட்டால் இடக்கண்ணுக்கு. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. பார்வை ஓரத்துக்குப் போகும்போது ஆதிக்கம் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாறிவிடுவதுண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த விசித்திரம் இதுதான்: நாம் ஓயாமல் இரண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மூளை சத்தமில்லாமல் ஒன்றுக்கு முன்னுரிமை கொடுக்கிறது.

மாணவியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. ரைபிள் வலத்தோளில், வலக்கண்ணுக்கு நேராக இருக்கிறது. கண்ணிலிருந்து ஃபோர்சைட் முனை ஏறக்குறைய ஒரு மீட்டர். இடக்கண் முந்திக்கொண்டு, பேக்சைட்டை மறந்து, முனையையும் டார்கெட்டையும் தன் கோட்டில் சேர்த்தால், முனை கிட்டத்தட்ட 6 செ.மீ. இடப்பக்கம் போய்விடும். ஒரு மீட்டருக்கு 6 செ.மீ. என்றால், 25 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். தோழியின் காகிதத்தில் ஓட்டை வந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் இடத்தோளுக்கு மாறிவிடுவதே நல்லது. போல்ட் வலப்பக்கம் இருப்பதால் கை கொஞ்சம் தடுமாறும். ஒவ்வொரு தோட்டாவாகச் சுடுகையில் அது பெரிய தடையல்ல. மாற முடியாதென்றால், கண்ணாடியின் இடப்பக்கம் ஒளி புகும் மங்கலான டேப் ஒட்டலாம். போட்டி விதியே 30 மி.மீ. அகலம் வரை மறைப்பை அனுமதிக்கிறது. கண்ணை இறுக்கி மூடுவது மட்டும் வேண்டாம். சற்று நேரத்தில் திறந்திருக்கும் கண்ணும் களைத்துப்போகும்.

கண் சரியானபின் குறி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இது தெளிவாகப் புரியும். பேக்சைட்டின் பள்ளத்துக்குள் ஃபோர்சைட் நிற்க வேண்டும். மேல்விளிம்புகள் ஒரே மட்டம், இருபக்கமும் சம அளவு வெளிச்சம். இரண்டுக்கும் இடையே 35 செ.மீ. என்றால், ஃபோர்சைட் 1 மி.மீ. நகர்ந்தாலே குண்டு சுமார் 28 மி.மீ. விலகும், பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். பிஸ்டல் திரும்பாமல் கை மட்டும் 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் நகரும். கை ஆடுவதைவிட, சைட்டுகள் ஒன்றோடொன்று பிசகுவதுதான் ஆபத்து. எங்கள் தெருத் தச்சர் பலகையின் விளிம்பில் கண் வைத்து கோணலைக் கண்டுபிடிப்பது போல, பார்வை முழுவதும் ஃபோர்சைட் முனையில் இருக்கட்டும். டார்கெட் மங்கலாகத் தெரிவதே சரி. கண்ணால் இரண்டு தூரங்களை ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது.

ஓட்டைகள் நெருக்கமாக, ஆனால் ஓரமாக விழுந்தால் சைட்டைத் திருத்தினால் போதும். சிதறி விழுந்தால், டிரிகர் இழுத்த கணத்தில் முனை கூர்மையாகத் தெரிந்ததா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பார்வை டார்கெட்டுக்கு ஓடியிருக்கும்.

வரிசையில் இருக்கும் எல்லா மாணவர்களையும் கேட்காமலே வலத்தோளில் ரைபிள் வைக்கச் சொல்லும் பழக்கம் எனக்கு வேதனை தருகிறது. சுடத் தெரியாதவர் என்று பெயர் வாங்கித் திரும்பும் பிள்ளைகளில் எத்தனை பேர் இடக்கண்காரர்களோ! பயிற்றுநர்களே, தோட்டாவைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் இந்தக் கைத்துவாரச் சோதனையைச் செய்து, எந்தக் கண் என்று பெயருக்கு எதிரே குறித்து வையுங்கள்.