சிரிப்புக்குப் பின் 3 விநாடி

பணி ஓய்வு பெறும் கணக்கு டீச்சருக்கு 5 நிமிட வீடியோ என்றால், பேச்சுக்கு 350 சொற்கள் போதும். மிச்சம் புகைப்படங்களுக்கு.

பழைய மாணவர்களிடம் ‘டீச்சரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எல்லோரும் பாராட்டுரைதான் வாசிப்பார்கள். ‘டீச்சர் அடிக்கடி என்ன சொல்வாங்க?’ என்று கேளுங்கள். ‘ஸ்டெப் எங்கேடா?’ என்று நாலு பேர் சொன்னால் ஸ்கிரிப்ட் கிடைத்துவிட்டது. இன்று டாக்டராக, டிரைவராக, தாசில்தாராக இருப்பவர்கள் அவரவர் வேலையிடத்தில் நின்று அதையே கேட்கட்டும்.

அரங்கின் சிரிப்பில் அடுத்த வரி அமுங்கிவிடும். 3 விநாடி வெறும் படம் ஓடட்டும். பிறகு இசையை நிறுத்தி, ஒருத்தி மட்டும்: “பத்தாவதுல ஃபெயிலான எனக்கு, சாயங்காலம் வீட்டுத் திண்ணையில ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லிக்கொடுத்தீங்க டீச்சர்.”

உருவத்தைக் கிண்டல் செய்யும் வரிகளை வெட்டிவிடுங்கள். முன்வரிசையில் அவர் குடும்பம் உட்கார்ந்திருக்கும்.