அப்டேட்டில் என்ன புதுசு?

ஃபோனில் ஒரு செயலி அப்டேட் ஆனதும் குறிப்பைத் திறந்தால், "பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் இருக்கிறது. சிறிய செயலிக்கு அது போதாது. புதிய வசதி வந்ததே தெரியாமல் மக்கள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருப்பார்கள்.

வீடு வீடாகப் பால் ஊற்றுபவர்கள் கணக்கு எழுதும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று புதிய வசதிகள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: எந்தச் சிரமம் தீர்கிறது, எங்கே தொட வேண்டும், எது இதனால் முடியாது.

அதிகம் பேருக்கு உதவுவது முதலில் வரட்டும். "வாடிக்கையாளர் ஊருக்குப் போகிறாரா? அவர் பெயரைத் தொட்டு, 'பால் வேண்டாம்' என்பதில் தேதிகளைக் குறியுங்கள். தினம் ஒரு லிட்டர், லிட்டர் 50 ரூபாய் என்றால் ஜூன் மாதத்துக்கு 1,500 ரூபாய். 4 நாள் வேண்டாம் என்று குறித்தால் பில் தானாகவே 1,300 ஆகிவிடும். அனுப்பிவிட்ட பில் மாறாது." கணக்கைப் போட்டுக் காட்டியதும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, சிக்னல் இல்லாத இடம். செய்தவர் இதை 'ஆஃப்லைன் சிங்க்' என்பார். குறிப்பில் இப்படி வரலாம்: "சிக்னல் இல்லாத தெருவிலும் வழக்கம்போல் லிட்டரைப் பதியுங்கள். அந்த வரியின் பக்கத்தில் மஞ்சள் புள்ளி தெரியும். இணையம் கிடைத்ததும் கணக்கு போய்ச் சேர்ந்து புள்ளி மறையும். புள்ளி இருக்கும்போது செயலியை நீக்கினால் அந்தக் கணக்கு போய்விடும்." கடைசி வரியை விட்டுவிட்டால், யாராவது ஒருவர் அன்றைய கணக்கை இழந்த பிறகுதான் அது தெரியவரும்.

மூன்றாவதுக்கு மூன்று வரி போதும். "மாத பில்லை 'அனுப்பு' என்பதைத் தொட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பணம் கைக்கு வந்ததும் 'வரவு' என்று நீங்கள்தான் குறிக்க வேண்டும். அதுவரை பாக்கியாகவே காட்டும்."

இவ்வளவையும் கூகுள் பிளே ஸ்டோரில் போட முடியாது. அங்கே ஒரு மொழிக்கு 500 எழுத்துக்குறிகள்தான். தமிழில் இடம் இன்னும் சீக்கிரம் தீரும். 'கொ' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறிகள். அதனால் ஸ்டோரில் வசதிக்கு ஒரு வரி. முழு விளக்கம் செயலிக்குள்ளே.

அப்டேட்டைப் படிப்படியாக வெளியிட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. குறிப்பைப் படித்துவிட்டு, 'பால் வேண்டாம்' எங்கே என்று தேடித் தவிப்பவர்கள் இருப்பார்கள். பதிப்பு எண்ணையும், அதை அமைப்புகளில் எங்கே பார்ப்பது என்பதையும் மேலேயே எழுதிவிட வேண்டும்.

வெளியிடும் முன் ஒரு பால்காரரிடம் குறிப்பைக் கொடுத்து, 4 நாள் லீவைக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்லித்தராதீர்கள். அவர் விரல் எந்த இடத்தில் தயங்குகிறதோ, அதற்கான வரியைத் திருத்தி எழுதுங்கள்.