ஐந்து பேருக்கான பொங்கலும் பன்னிரண்டு இலையும்

பழைய சமையல் நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து ஊரிலிருந்து பெரியம்மா அனுப்புகிறார். சர்க்கரைப் பொங்கல், 5 பேருக்கு. பச்சரிசி 1 டம்ளர், பாசிப்பருப்பு ¼, பொடித்த வெல்லம் 2, பால் 1, தண்ணீர் 3, உருக்கிய நெய் ½, முந்திரி 10, ஏலக்காய் 4, பச்சைக் கற்பூரம் மிளகளவு. நம் வீட்டுக்கு வரப்போவது 12 பேர். கையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது, டம்ளர் அளவை நம்ப மனம் வரவில்லை.

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நெய்க்கறை பட்ட இடத்தில் ¼ என்பது ½ போலத் தெரியும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் 1½ வெறும் ½ ஆகிவிடும். சந்தேகம் வந்தால் பக்கத்துப் பொருளோடு ஒப்பிடலாம். சர்க்கரைப் பொங்கலில் பருப்பு அரிசியில் கால் பங்கு, அதிகம் போனால் அரைப் பங்கு. அரிசியும் பருப்பும் சரிக்குச் சரி என்று வாசித்தால் வாசித்தது தப்பு. அதற்குமேல் ஊகிக்காமல் பெரியம்மாவையே கேட்டுவிடுவது நல்லது.

கேட்கும்போதே டம்ளரைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு வீட்டு டம்ளர் 150 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டில் 250. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் ஏறக்குறைய 237 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180. இவற்றில் எதுவும் பெரியம்மாவின் டம்ளர் அல்ல. அவர் வீட்டில் தராசு இருந்தால் வேலை சுலபம். டம்ளரை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றட்டும். 200 கிராம் காட்டினால் அது 200 மில்லி டம்ளர்.

தண்ணீருக்கு மட்டும்தான் மில்லியும் கிராமும் ஒன்று. அந்த டம்ளரில் பச்சரிசி ஏறக்குறைய 168 கிராம் நிற்கும், கால் டம்ளர் பருப்பு 42 கிராம், பால் 206, அரை டம்ளர் நெய் 91. அரிசிக்கு அரிசி இது கொஞ்சம் மாறும் என்பதால் நம் வீட்டு அரிசியை ஒரு தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்வதே மேல். உண்மையில் தொல்லை தருவது வெல்லம். தளர்வாகப் போட்டால் இரண்டு டம்ளர் 280 கிராம் வரும், அழுத்தி நிரப்பினால் 340-ஐத் தாண்டும். வழக்கமான இனிப்புக்கு வெல்லத்தின் எடை அரிசியைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும். ஆகவே 280 பொருந்துகிறது, 340-க்கு மேல் போனால் திகட்டும்.

இனி பெருக்கல். பன்னிரண்டை ஐந்தால் வகுத்தால் 2.4. அரிசி 400 கிராம், பருப்பு 100, வெல்லம் 670, நெய் 220, பால் 495. முந்திரி 24. டம்ளரை வைத்துக்கொண்டு 2.4 டம்ளர் அளக்க முடியாது, தராசின் பலன் இங்கேதான்.

தண்ணீர் கணக்குப்படி 1440 கிராம் ஆகிறது. ஆனால் அளவு கூடுகிற அதே வேகத்தில் ஆவியாகும் தண்ணீர் கூடுவதில்லை. 1300-இல் தொடங்கி, பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டால் இறுகும்போது சேர்க்கலாம். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லப்பாகு ஊற்ற வேண்டும், பாகு சேர்ந்தபின் அரிசி வேகாது. ஏலக்காய் எட்டோ ஒன்பதோ போதும். பச்சைக் கற்பூரத்தைப் பெருக்கவே வேண்டாம். மிளகளவுக்குச் சற்றுக் கூடப் போட்டு, ருசி பார்த்து நிறுத்திவிடலாம். அது மிஞ்சினால் கசக்கும், மீட்க வழியில்லை. அரிசியும் பாலும் பொங்கும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இந்த அளவுக்கு 5 லிட்டர் குக்கர் வேண்டும், 3 லிட்டர்தான் இருக்கிறதென்றால் இரண்டு தடவையாக வைக்கலாம்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் இன்னொரு கூட்டல் இருக்கிறது. இத்தனையும் சேர்த்தால் 3 கிலோவைத் தாண்டுகிறது. ஆளுக்குக் கால் கிலோவுக்கு மேல்! பெரியம்மாவின் நோட்டு சொல்லும் "5 பேர்", காலையில் பொங்கலையே பலகாரமாகச் சாப்பிட்டவர்கள். வருகிற பன்னிரண்டு பேருக்கும் சாம்பார், ரசம், வடை, பாயசத்தோடு இலை போடுகிறோம் என்றால் ஓரத்தில் ஒரு கரண்டி, 100 கிராம் வைத்தால் போதும். அதற்கு மொத்தம் 1200 கிராம். நோட்டில் உள்ள மூல அளவைக் கூட்டினால் 1387 கிராம், வேகும்போது வற்றுவது போக ஏறக்குறைய அதே அளவு. அந்த விருந்துக்கு எதையும் பெருக்க வேண்டாம், 168 கிராம் அரிசியே போதும்.