திருமணத்துக்கு ஒரு மாதம்: உண்மையில் எத்தனை கிலோ குறைக்கலாம்?

முகூர்த்தத்துக்கு முப்பது நாள் இருக்கும்போதுதான் பலருக்கும் எடையைப் பற்றிய கவலை வருகிறது. தேக்காவில் ரவிக்கைக்கு அளவு கொடுக்கும் நாளில் மணப்பெண்ணும், வேட்டி சட்டையைப் போட்டுப் பார்க்கும் நாளில் மாப்பிள்ளையும், “பத்து கிலோ குறைந்தால் போதும்” என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரு மாதத்தில் பத்து கிலோ கொழுப்பு குறையாது. பெரும்பாலானோருக்கு இரண்டு கிலோதான் நியாயமான இலக்கு. உடல் எடை அதிகமாக உள்ளவர்களுக்கு அது மூன்று, மிஞ்சினால் நான்கு கிலோவாக இருக்கலாம். அதற்குமேல் குறைந்தால், போனது பெரும்பாலும் நீரும் தசையும்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிக்கப்பட்டிருக்கிறது. அது கரைய, சாப்பிடுவதைவிட அவ்வளவு கலோரியைக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக்கில் வசிக்கும் 28 வயது மணப்பெண் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 68 கிலோ, அலுவலக வேலை. அவருடைய உடல் ஒரு நாளில் சுமார் 1,900 கலோரி செலவழிக்கும். தினமும் 500 கலோரி குறைத்தால் 28 நாளில் 14,000 கலோரி. அதை 7,700ஆல் வகுத்தால் 1.8 கிலோ வருகிறது.

அந்த 500 கலோரியைக் கண்டுபிடிக்கப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காப்பிக்கடையில் தினமும் குடிக்கும் இரண்டு ‘தே’க்களில் கெட்டிப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து ஏறத்தாழ 300 கலோரி இருக்கும். அவற்றை ‘தே ஓ கொசோங்’காக மாற்றினால் அது அப்படியே மிச்சம். இரவில் இரண்டு கிண்ணச் சோற்றை ஒன்றாக்கினால் இன்னொரு 200 கலோரி குறையும்.

குறைத்த சோற்றின் இடத்தில் பருப்பு, முட்டை, மீன், தௌஹு ஆகியவற்றில் ஒன்று உள்ளங்கை அளவு இருக்கட்டும். புரதம் போதாமல் போனால் கொழுப்போடு தசையும் கரையும். முகம் வாடித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவில் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் இவருக்கு 150 முதல் 200 கலோரி செலவாகலாம். அதை நம்பித் திரும்பும் வழியில் ஒரு பரோட்டா சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். நடையை, இடையில் வரும் விருந்துகளை ஈடுகட்டும் சேமிப்பாகக் கருதுவது நல்லது.

மாப்பிள்ளை 172 சென்டிமீட்டர் உயரமும் 92 கிலோ எடையும் கொண்டவராக இருந்தால், அவருடைய உடல் நாளுக்குச் சுமார் 2,600 கலோரி செலவழிக்கும். அவரால் 750 கலோரி வரை குறைக்க முடியும். அவருக்கு மாதக் கணக்கு 2.7 கிலோ.

தராசு காட்டும் மாயம்

முதல் வாரத்திலேயே தராசு ஒன்றரை கிலோ குறைத்துக் காட்டலாம். சோற்றையும் இனிப்பையும் குறைத்ததும் உடலில் சேமித்து வைத்த மாவுச்சத்து செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் வெளியேறும். அது கொழுப்பு அல்ல. ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டதும் அந்த நீர் திரும்பிவிடும்.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் உடலில் நீர் தேங்கி எடை கூடித் தெரிவதும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் இரண்டாம் வாரத்தில் தராசு நகரவில்லை என்று பயந்து சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். காலையில் எழுந்து, கழிவறை சென்றுவந்து, சாப்பிடும் முன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது. அந்தச் சராசரி இறங்கிக்கொண்டிருந்தால் கணக்கு வேலை செய்கிறது என்று பொருள்.

தராசைவிட அளவுநாடா நம்பகமானது. இரண்டு கிலோ குறைந்தால் இடுப்புச் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறையக்கூடும். ரவிக்கையில் அது தெரியும். அதனால் இறுதி அளவைத் திருமணத்துக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு எடுத்து, பிரித்துத் தைக்க உள்ளே சிறிது துணி விடச் சொல்லலாம். ‘குறைந்துவிடுவேன்’ என்று நம்பி முதலிலேயே சிறியதாகத் தைப்பதுதான் கடைசி வாரப் பட்டினிக்கு வழி.

2002 சொல்லும் பாடம்

கணக்கு இரண்டு கிலோ என்று சொல்லும்போது பத்து கிலோ வாக்குறுதியோடு வருபவை மாத்திரைகள். சிங்கப்பூர் இதன் விலையை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

சீனாவில் தயாரான ‘ஸ்லிம் 10’ என்ற மாத்திரையை உட்கொண்ட தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குருஸுக்கு 2002ல் கல்லீரல் செயலிழந்தது. அவருடைய காதலரும் நடிகருமான பியர் பிங் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். இருவரும் அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொண்டனர். அதே மாத்திரையை உட்கொண்ட வேறொரு பெண் அதே ஆண்டில் உயிரிழந்தார்.

அந்த மாத்திரையில் பென்ஃபுளூரமைன் கலந்திருந்தது தெரியவந்தது. இதய வால்வுகளைப் பாதித்ததால் அமெரிக்காவில் 1997லேயே விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட பசியடக்கி மருந்து அது.

பெயர்கள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. 2010ல் சந்தையிலிருந்து மீட்கப்பட்ட சிபுட்ரமைன், இணையத்தில் ‘மூலிகை’ என்று விற்கப்படும் மெலிவுப் பொருள்களில் இருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. பசி திடீரென மறைவது, நெஞ்சு படபடப்பது, தூக்கம் வராதது ஆகியவை சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள். கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்போது பேசப்படும் வாராந்தர எடைக் குறைப்பு ஊசிகளும் ஒரு மாத அவசரத்துக்கு ஏற்றவை அல்ல. செமக்ளூட்டைடு ஊசியின் முதல் நான்கு வார அளவு உடலைப் பழக்குவதற்கான ஆரம்ப அளவு மட்டுமே. அந்த நாள்களில் குமட்டலும் வாந்தியும் வரலாம். அது மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்க வேண்டியது.

கடைசி ஏழு நாள்

நலங்கு, மருதாணி, உறவினர் வீட்டு விருந்து எல்லாம் இந்த வாரத்தில்தான் வரும். இதில் புதிதாக எதையும் குறைக்கக் கூடாது. எடை ஏறாமல் இருந்தாலே போதும். தண்ணீரைக் குறைப்பதும் வியர்வைச் சட்டை போட்டு ஓடுவதும் நீரை மட்டும் வெளியேற்றும். வெறும் வயிற்றில், பட்டுப்புடவையில், ஹோமப் புகைக்கு முன் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியவருக்கு அது மயக்கத்தைத்தான் தரும்.

எழும்போது தலைசுற்றினால், மாதவிடாய் தள்ளிப்போனால், முதல் வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் அதிகமாகக் குறைக்கிறீர்கள் என்று பொருள். மிக வேகமாக எடை இழப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. முடி உதிர்வு உடனே தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, திருமணப் படங்கள் கைக்கு வந்த பிறகு தொடங்கும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

இதே கணக்கைத் திருமணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பு தொடங்கியிருந்தால் பத்து கிலோ எட்டக்கூடிய இலக்காக இருந்திருக்கும். ஒரு மாதமே கையில் உள்ளவர்களுக்கு இரண்டு கிலோவும், இரண்டு சென்டிமீட்டரும், சரியாகப் பொருந்தும் ஒரு ரவிக்கையும்தான் கணக்கு.