‘இதர’ என்னும் கட்டத்தில் இருப்பவர்கள் யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் பாலினக் கேள்விக்கு ஆண், பெண் என்பவற்றோடு ‘இதர’ என்ற மூன்றாவது விடை முதன்முறையாகத் தனிக் குறியீடு பெற்றது. அதன்படி இந்தியாவில் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். திருநர்களின் எண்ணிக்கை என்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவது இதுவே.

இந்த எண்ணுக்குள் ஒரு புதிர் உண்டு. அந்த 4,87,803 பேரில் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மொத்த மக்கள்தொகையில் ‘இதர’ பிரிவினர் பத்தாயிரத்துக்குச் சுமார் 4 பேர். குழந்தைகளிடையே சுமார் 3.3 பேர். தவழும் குழந்தை தன் பாலின அடையாளத்தைச் சொல்லியிருக்க முடியாது. இடைப்பாலினராகப் பிறந்ததாகப் பெற்றோர் தெரிவித்த குழந்தைகள் சிலர் இருக்கலாம். எஞ்சியவை பெரும்பாலும் படிவத்தில் நேர்ந்த குறியீட்டுப் பிழைகளாகவே இருக்க வேண்டும். 121 கோடிப் பேரைப் பதியும்போது பத்தாயிரத்தில் ஒருவருக்குக் குறியீடு மாறினாலே, இல்லாத 1.21 லட்சம் பேர் பட்டியலில் தோன்றிவிடுவார்கள். சிறிய குழுவைப் பெரிய கூட்டத்தில் தேடும்போது, அற்பப் பிழையும் அந்தக் குழுவையே மூழ்கடித்துவிடும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 கணக்கெடுப்பிலும் இதுவே நிகழ்ந்தது. பாலின அடையாளம் பற்றிய கேள்வியின் வாசகம் சிக்கலாக இருந்ததால், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பலர் பொருள் புரியாமல் விடையளித்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. 2024-இல் அந்தத் தரவு தன் தரச்சான்றை இழந்தது.

மறுபுறம், உண்மையில் இருப்பவர்கள் விடுபடுகிறார்கள். நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் அப்பகுதிப் பள்ளி ஆசிரியர்; விடை சொல்பவர் குடும்பத் தலைவர். உள்ளே இருக்கும் திருநங்கை ‘மகன்’ என்றே பதிவாவார், அல்லது வீட்டைவிட்டுச் சென்றிருந்தால் பதிவாகவே மாட்டார். கணக்கெடுப்புச் சட்டம் (1948) தனிநபர் விவரத்தை ரகசியமாக்குகிறது. ஆனால் திண்ணையில் உரக்கச் சொன்ன விடையைச் சட்டம் காக்காது. ஒரு சிற்றூருக்கு ‘இதர: 1’ என்று வெளியிட்டால், அது புள்ளிவிவரமல்ல, முகவரி.

தன்பாலீர்ப்பு இன்னும் கடினம். ஈர்ப்பு, உறவு, அடையாளம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டால் மூன்று வெவ்வேறு எண்கள் வரும். 2012-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறிய 25 லட்சம் என்பது எச்ஐவி தடுப்புப் பணிக்கான மதிப்பீடு. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களை மட்டுமே அது குறிக்கிறது. பெண்கள் அதில் இல்லை.

கணக்கே வேண்டாம் என்பதல்ல முடிவு. ஒரு குழுவிடம் நான்கு பொது வாக்கியங்களும், மற்றொரு குழுவிடம் அவற்றோடு தன்பாலீர்ப்பு பற்றிய ஐந்தாவதும் கொடுத்து, ‘எத்தனை உங்களுக்குப் பொருந்தும்?’ என்று மட்டும் கேட்கலாம். சராசரி 2.10 என்பது 2.13 ஆனால், விகிதம் 3 சதவீதம். யார் என்று கேட்டவருக்கும் தெரியாது. இதற்குப் பெரிய மாதிரி தேவை, மாவட்ட அளவில் துல்லியம் கிட்டாது. ஆனால் ஒருவரையும் காட்டிக்கொடுக்காது. வீடுவீடாகக் கேட்டுப் பெறும் பிழையான எண்ணைவிட, பெயரறியாமல் பெறும் தோராயமான எண்ணே நலத்திட்டத்துக்கு உகந்தது.